சுருள் துடிக்கிறது, ஆனால் சுற்றவில்லை: எந்தப் பாதியைச் சுரண்டினீர்கள்?

கேள்வி: பேட்டரி, காந்தம், செம்புக் கம்பிச் சுருள் மூன்றையும் வைத்து மோட்டார் செய்தேன். சுருள் ஒரு துடி துடித்து, இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுப் படுத்துவிடுகிறது. கம்பியின் ஒரு முனையில் பாதியை மட்டும் சுரண்டச் சொன்னார்கள். அதையும் செய்து பார்த்தேன், பலனில்லை. பாதி சுரண்டுவதால் என்ன ஆகிறது? இது எதனால்தான் சுற்றுகிறது?

பதில்:

துடிக்கிறது என்றால் பாதி வேலை முடிந்துவிட்டது. மின்சாரம் ஓடுகிறது, காந்தம் தள்ளுகிறது, இணைப்புகளில் கோளாறு இல்லை. சந்தேகம் ஒன்றே ஒன்றுதான்: சுரண்டும்போது சுருளை மேசைமேல் படுக்க வைத்துச் சுரண்டியிருப்பீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், ஏனென்றால் கைக்கு அதுதான் வசதி. ஆனால் சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சுரண்ட வேண்டும். இந்தக் கால் சுற்று வித்தியாசத்தில்தான் மோட்டார் சுற்றுவதும் சுற்றாததும் இருக்கிறது. ஏன் என்று பார்த்துவிட்டு, செய்முறைக்கு வருகிறேன்.

உங்கள் சுருளுக்கு இரண்டு முக்கியமான நிலைகள் உண்டு. அதன் தட்டையான முகம் பக்கவாட்டைப் பார்க்கும்படி, ஓடும் சக்கரம் போல நிமிர்ந்து நிற்பது ஒன்று. அதை நின்ற நிலை என்று வைத்துக்கொள்வோம். முகம் கீழே உள்ள காந்தத்தைப் பார்க்கும்படி கிடைமட்டமாக இருப்பது இன்னொன்று. அது படுத்த நிலை. இந்த இரண்டு பெயரையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகிறது என்பதை 1820-இல் ஓர்ஸ்டெட் காட்டினார். கம்பியைச் சுருளாக வளைத்தால், அந்தப் புலமெல்லாம் சேர்ந்து சுருளையே ஒரு தட்டைக் காந்தமாக்கிவிடுகிறது. அதன் ஒரு முகம் வடதுருவம், மறு முகம் தென்துருவம். கீழே வைத்த காந்தத்தின் வடதுருவம் மேல்நோக்கி இருந்தால், சுருளின் தென்முகம் அதை நோக்கித் திரும்பப் பார்க்கும். திரும்பி முடித்ததும் சுருள் படுத்த நிலைக்கு வந்துவிடும். அங்கே அதற்குத் திரும்ப வேறு காரணம் இல்லை. கொஞ்சம் தாண்டிப் போனாலும் திரும்ப இழுக்கப்படும், இப்படி இரண்டு மூன்று முறை ஆடிவிட்டு நின்றுவிடும். திசைகாட்டியின் முள் வடக்கைக் கண்டதும் நிற்பது போன்றதே இது. நீங்கள் பார்த்த ‘படுத்துவிடுகிறது’ இதுதான். மின்சாரம் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும் சுருளால் இதைத்தான் செய்ய முடியும்.

இதையே கம்பியின் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். சுருள் நின்ற நிலையில் இருக்கட்டும். அதன் இரு முனைகளால் ஆன அச்சு உங்களுக்கு இடமிருந்து வலமாகக் கிடக்கிறது. காந்தத்தின் வடதுருவம் மேலே பார்க்கிறது, ஆகவே புலம் கீழிருந்து மேலாகப் போகிறது. சுருளின் அடிப்பகுதியில் மின்சாரம் இடமிருந்து வலமாக ஓடுவதாக வையுங்கள். ஃபிளெமிங்கின் இடக்கை விதிப்படி மூன்று விரல்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து, ஆள்காட்டி விரலைப் புலத்தின் திசையில் மேல்நோக்கியும் நடுவிரலை மின்சாரத்தின் திசையில் வலப்பக்கமும் நீட்டினால், தள்ளலைக் காட்டும் கட்டைவிரல் உங்களை நோக்கி நிற்கும். அதாவது சுருளின் அடிப்பகுதி உங்கள் பக்கம் தள்ளப்படுகிறது. மேல்பகுதியில் மின்சாரம் வலமிருந்து இடமாக ஓடுவதால் அது உங்களைவிட்டு விலகித் தள்ளப்படுகிறது. இரண்டு தள்ளலும் சுருளை ஒரே திசையில்தான் திருப்புகின்றன. ஆனால் மேல்பகுதி காந்தத்திலிருந்து தூரத்தில் இருப்பதால் அதன் பங்கு சொற்பம். வேலையில் பெரும்பங்கு அடிப்பகுதியினுடையது.

சுருள் கால் சுற்றுப் போய்ப் படுத்த நிலையை அடைந்ததும், அதே தள்ளல்கள் சுருளை விரிக்கவோ சுருக்கவோ பார்க்குமே தவிர, திருப்பாது. இன்னொரு கால் சுற்றுப் போனால் நிலைமை தலைகீழ். முன்பு மேலே இருந்த பகுதி இப்போது கீழே வந்துவிட்டது. அதில் மின்சாரம் வலமிருந்து இடமாக ஓடுகிறது. ஆகவே அடிப்பகுதி இப்போது எதிர்த்திசையில் தள்ளப்படும். முதல் அரைச் சுற்றில் சம்பாதித்த வேகத்தை இந்த அரைச் சுற்று அப்படியே பிடுங்கிக்கொள்ளும்.

இப்போது தீர்வு தானாகவே வந்துவிடுகிறது. உதவி செய்யும் அரைச் சுற்றில் மின்சாரம் ஓட வேண்டும், கெடுக்கும் அரைச் சுற்றில் நிற்க வேண்டும். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை, விலகிப் போகும்போது மட்டும் தள்ளுகிறோம், திரும்பி வரும்போது கையை எடுத்துவிடுகிறோம் அல்லவா, அதே கணக்குதான். தள்ளல் இல்லாத அரைச் சுற்றைச் சுருள் தன் வேகத்திலேயே கடந்துவிடும்.

மின்சாரத்தைச் சரியான நேரத்தில் நிறுத்திப் போட ஒரு சுவிட்ச் வேண்டும். அந்தச் சுவிட்சுதான் கம்பியின் பாதி சுரண்டிய முனை. செம்புக் கம்பிமேல் எனாமல் பூச்சு இருக்கிறது, அது மின்சாரத்தை விடாது. முனையின் ஒரு பக்கத்தில் மட்டும் எனாமலை எடுத்துவிட்டால், கம்பி உருளும்போது வெறும் செம்பு அதைத் தாங்கும் ஊக்கின்மேல் படும் அரைச் சுற்றில் மின்சாரம் ஓடும், எனாமல் படும் அரைச் சுற்றில் நிற்கும். சுருளோடு சேர்ந்தே முனையும் உருளுவதால் நேரம் தவறவே தவறாது.

சரி, எந்த அரைச் சுற்று உதவி செய்கிறது? ஒரு படுத்த நிலையிலிருந்து நின்ற நிலை வழியாக அடுத்த படுத்த நிலை வரை. அதாவது நின்ற நிலை அந்த அரைச் சுற்றின் நட்டநடுவில் வர வேண்டும். சுருள் நிமிர்ந்து நிற்கும்போது வெறும் செம்பு சரியாக மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருந்தால்தான் இது நடக்கும். ஆகவேதான் சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, முனையின் மேல்பாதியைச் சுரண்ட வேண்டும் என்பது.

சுருளைப் படுக்க வைத்துச் சுரண்டினால் என்ன ஆகும்? மின்சாரம் ஓடும் அரைச் சுற்றின் நடுவில் படுத்த நிலை வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் கால் சுற்று முன்னே தள்ளும், அடுத்த கால் சுற்று பின்னே தள்ளும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். பாதி சுரண்டியிருப்பீர்கள், பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும், மோட்டார் மட்டும் சுற்றாது. ‘அதையும் செய்து பார்த்தேன்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

அதற்காகக் கோணத்தை இம்மி பிசகாமல் பிடிக்க வேண்டியதில்லை. புலம் சீரானது என்று வைத்துக் கணக்குப் போட்டால், சரியான இடத்திலிருந்து 30 பாகை விலகினால் தள்ளலில் சுமார் 13 சதவீதம்தான் போகும். 60 பாகை விலகினால் பாதி போகும். 90 பாகை விலகும்போதுதான் மொத்தமும் போகும். படுக்க வைத்துச் சுரண்டுவது சரியாக அந்த 90 பாகைப் பிழை. கண் அளவுக்குச் செய்தாலே போதும், ஆனால் கால் திருப்புத் தவறக் கூடாது.

இனி, முதலிலிருந்து ஒரு சுருள் செய்வோம். பழைய சுருளைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றுவதே நல்லது, ஏனென்றால் சுரண்டிய எனாமலைத் திரும்ப ஒட்ட முடியாது. 

சுமார் 0.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எனாமல் செம்புக் கம்பி ஒரு மீட்டர் எடுங்கள். இதைவிட மெல்லியதாக இருந்தால் அச்சு முனைகள் சுருளின் எடையில் வளைந்துகொள்ளும். ரொம்பத் தடித்தால் நேராக்குவது கஷ்டம். 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஏதாவது ஒரு குழாயின்மேல், தொடக்கத்தில் 5 சென்டிமீட்டர் விட்டுவிட்டு, பத்தரைச் சுற்றுச் சுற்றுங்கள். அந்த அரைச் சுற்று எதற்கு என்றால், இரண்டு முனைகளும் சுருளின் எதிரெதிர்ப் பக்கங்களில் வந்து நிற்க வேண்டும். குழாயிலிருந்து மெதுவாக உருவி எடுத்து, ஒவ்வொரு முனையையும் சுருளின் கம்பிக் கட்டைச் சுற்றி இரண்டு தடவை இறுக்கிச் சுற்றுங்கள். சுருள் அவிழாமல் இருக்க இந்தக் கட்டுதான். பிறகு முனைகளை வெளிநோக்கி நேராக இழுத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். இரண்டு முனைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், அந்தக் கோடு வட்டத்தின் நடுவே போக வேண்டும். சுருளை கண்ணுக்கு நேரே, முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, விரலால் உருட்டிப் பாருங்கள். சுருள் தள்ளாடாமல் உருண்டால் சரி. தள்ளாடினால் முனையை அடிப்பாகத்தில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துச் சரிசெய்யுங்கள். நுனியில் வளைத்தால் கோடு இன்னும் கோணலாகும்.

இப்போது சுரண்டல். முதல் முனையை உப்புத்தாளை மடித்து அதற்குள் வைத்து, சுழற்றிச் சுழற்றி இழுத்து, முழுச் சுற்றளவிலும் எனாமலை எடுத்துவிடுங்கள். எனாமலும் செம்பும் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதால் கண் ஏமாந்துவிடும். பூச்சுப் போன இடம் ரோஜா நிறம் கலந்து பளிச்சென்று இருக்கும், பூச்சு உள்ள இடம் கொஞ்சம் அடர்ந்து கண்ணாடி போல் மின்னும். நெருப்பில் காட்டி எரிக்க வேண்டாம். எனாமல் கரியாகி ஒட்டிக்கொள்ளும், செம்பும் கறுத்துப்போகும், இரண்டுமே தொடர்பைக் கெடுக்கும்.

இரண்டாவது முனைக்கு, சுருளை மேசையின் விளிம்புக்கு வெளியே நிமிர்ந்து நிற்கும்படி பிடித்து, முனையை மட்டும் மேசைமேல் அழுத்தி வையுங்கள். இப்போது கம்பியின் மேல்பாதியை மட்டும் சுரண்டுங்கள். கம்பி விரலுக்கடியில் உருண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பலருக்கும் பிசகுவது அங்கேதான். முடிந்ததும் கம்பியைத் திருப்பிப் பாருங்கள்: அடியில் நீளவாக்கில் எனாமல் கோடு அறுபடாமல் இருக்க வேண்டும். தவறி அந்தப் பக்கமும் சுரண்டுப்பட்டுவிட்டால், அங்கே நகப்பூச்சு தடவிக் காயவைத்தால் போதும், அது எனாமலின் வேலையைச் செய்யும்.

தாங்கிகளுக்கு 5 சென்டிமீட்டர் நீளமுள்ள பெரிய ஊக்கு இரண்டு வேண்டும், பெயிண்ட் பூசாத உலோக ஊக்கு. டி அளவுள்ள 1.5 வோல்ட் செல்லைப் படுக்க வைத்து, அதன் இரு முனைகளிலும் ஊக்குகளின் தலைப்பகுதியை அழுத்தி, அகலமான ரப்பர் பேண்டை நீளவாக்கில் போட்டு இறுக்குங்கள். ஊக்கின் சுருண்ட பக்கத்தில் இருக்கும் சின்ன ஓட்டை மேலே வர வேண்டும். அந்த இரண்டு ஓட்டைகளில்தான் சுருளின் முனைகள் உட்காரும். செல்லின் மேல்பக்கத்தில், சுருளுக்கு நேர் கீழே காந்தத்தை வையுங்கள். செல்லின் உறை இரும்பு என்பதால் காந்தம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். 2 சென்டிமீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள நியோடிமியம் வில்லை இதற்குப் பொருத்தம்.

சுருளை வைத்து விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். எனாமல் பக்கம் ஊக்கில் பட்டுக்கொண்டிருந்தால் சுருள் தானாகக் கிளம்பாது, அதற்குத்தான் இந்தத் தட்டு. ஒரு திசையில் தட்டினால் தயங்கி நின்றுவிடலாம், மறு திசையில் தட்டினால் சட்டென்று வேகம் பிடிக்கும். சுற்ற வேண்டிய திசையை மின்சாரத்தின் திசையும் காந்தத்தின் துருவமும் சேர்ந்து முடிவு செய்கின்றன, நம் விரல் அல்ல. காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள், எதிர்த்திசையில் சுற்றும். காந்தத்தையும் பேட்டரியையும் இரண்டையுமே திருப்பினால் பழைய திசைக்கே வந்துவிடும். மேலே சொன்ன இடக்கை விதி வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தள்ளல் எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் கோளாறுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஒளிந்திருக்கின்றன. அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு மின்தடை 0.09 ஓம் அளவில்தான் இருக்கும், கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. செல்லின் உள்தடையும், ஊக்கில் கம்பி உரசும் இடங்களின் தடையும்தான் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகின்றன. எல்லாம் சேர்ந்து முக்கால் ஓம் என்று வைத்தால், 1.5 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர் ஓடும். இந்த அளவு நியோடிமியம் வில்லைக்கு மேலே 1 சென்டிமீட்டர் உயரத்தில், சுருளின் அடிப்பகுதி நெடுகச் சராசரியாக 0.05 டெஸ்லா புலம் கிடைக்கும். அடிப்பகுதியில் பயனுள்ள நீளம் ஒன்றரை சென்டிமீட்டர், சுற்றுகள் பத்து. புலம், மின்னோட்டம், நீளம், சுற்றுகள் நான்கையும் பெருக்கினால் 0.015 நியூட்டன் வருகிறது. ஒன்றரை கிராம் எடைக்குச் சமமான விசை.

சுருள் எவ்வளவு எடை? அந்த ஒரு மீட்டர் கம்பி சுமார் ஒன்றே முக்கால் கிராம். அதாவது காந்தத்தின் தள்ளல் உச்சத்தில்கூடச் சுருளின் சொந்த எடையைத்தான் எட்டிப்பிடிக்கிறது. கையில் உபரி பலம் என்று ஒன்றும் இல்லை. அதனால்தான் சின்னச் சின்ன விஷயங்கள்கூட இந்த மோட்டாரை நிறுத்திவிடுகின்றன.

முதலில் தூரம். அதே வில்லையின் நடுவே, 5 மில்லிமீட்டர் உயரத்தில் கிடைக்கும் புலம், 2 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போனதும் எட்டில் ஒரு பங்காகிவிடும். தாங்கியைக் கொஞ்சம் தாழ்த்துவதோ, காந்தத்தின்மேல் இன்னொரு காந்தம் வைப்பதோ, பேட்டரியை மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும். சுருளின் அடிப்பகுதிக்கும் காந்தத்துக்கும் இடையே 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி போதும், உரசாமல் இருந்தால் சரி. ஸ்பீக்கரில் இருப்பது போன்ற கறுப்பு ஃபெரைட் காந்தம் வைத்திருந்தால், அதே அளவில் மூன்றில் ஒரு பங்குப் புலம்தான் தரும். அதனாலும் சுற்றும், ஆனால் மற்ற எல்லாமே சரியாக அமைந்திருக்க வேண்டும்.

அடுத்து சமநிலை. ஒரு ஊக்குக்கும் பேட்டரிக்கும் இடையே காகிதத் துண்டைச் செருகி, மின்சாரம் இல்லாமல் சுருளை உருட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம், அச்சு நடுவில் இல்லை என்று அர்த்தம். நியோடிமியம் இருந்தால் ஒரு மில்லிமீட்டர் விலகலைச் சுருள் பொறுத்துக்கொள்ளும், உச்சத் தள்ளலில் பத்தில் ஒரு பங்குதான் அதற்குச் செலவாகும். ஃபெரைட் காந்தத்தோடு மூன்று மில்லிமீட்டர் விலகினால், கனமான பக்கத்தைத் தூக்கவே பலமெல்லாம் போய்விடும். ஏறக்குறைய சுற்றிவிட்டு, உச்சியைத் தாண்ட முடியாமல் திரும்பி வருகிறது என்றால், பார்க்க வேண்டியது சமநிலையைத்தான்.

மூன்றாவது தொடர்பு. சுருள் அசையவே இல்லை, கம்பியும் சூடாகவில்லை என்றால் மின்சாரம் ஓடவில்லை. முழுதும் சுரண்டிய முனையில் எனாமல் மிச்சம் இருக்கும், இல்லையென்றால் ஊக்கு செல்லோடு சரியாக ஒட்டவில்லை. மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு முனைகளின் வெறும் செம்பிலும் வைத்துப் பாருங்கள், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரத்தில் சோர்ந்துவிட்டது என்றால், முனையைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தொடர்பு விடுபடும்போது சின்னத் தீப்பொறி பறக்கிறது. அது செம்பைக் கறுப்பாக்கிவிடும். உப்புத்தாளால் ஒரு தடவை தேய்த்தால் திரும்ப ஓடும், தேய்க்கும்போது எனாமல் பக்கத்தைத் தொடாமல் இருந்தால் சரி.

இரண்டு முனைகளையும் முழுதாகச் சுரண்டிய சுருள்கூடச் சில சமயம் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நான் சொன்னதற்கு அது முரண்பாடு போலத் தெரியும், ஆனால் இல்லை. சுருள் ஊக்கின்மேல் துள்ளுகிறது, துள்ளும் ஒவ்வொரு தடவையும் தொடர்பு விடுபடுகிறது. அந்த விடுபடல் தற்செயலாகக் கெடுக்கும் அரைச் சுற்றில் அதிகமாக விழுந்தால் சுற்றிவிடும். கொஞ்சம் கோணலான சுருளில் இது நடக்க வாய்ப்பு அதிகம். அடுத்த நாள் அதே சுருள் சுற்றாது. அதை நம்பிச் செய்ய வேண்டாம்.

சுற்றுகளைக் கூட்டினால் வேகமாகச் சுற்றுமா என்பது அடுத்து வரும் கேள்வி. இருபது சுற்றுப் போட்டால் தள்ளல் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஏனென்றால் கம்பியின் தடை மொத்தத்தில் சின்னப் பங்குதான். ஆனால் எடையும் இரட்டிப்பாகும். சுருள் இன்னும் நிதானமாக, தடங்கலைத் தாண்டி ஓடும், வேகத்தில் பெரிய மாற்றம் இருக்காது. பத்துக்கும் இருபதுக்கும் இடையே எங்கே நிறுத்தினாலும் நல்ல சுருள்தான்.

உண்மையான மோட்டார்களில் கெடுக்கும் அரைச் சுற்றை வீணாக விடுவதில்லை. அங்கே மின்சாரத்தை நிறுத்துவதற்குப் பதில் திசை திருப்பி விடுகிறார்கள். திசை திரும்பியதும் கெடுக்கும் தள்ளல் உதவும் தள்ளலாகிவிடுகிறது, சுற்றுக்கு இரண்டு தள்ளல் கிடைக்கிறது. அச்சில் பிளவுபட்ட செம்பு வளையமும் அதை உரசும் பிரஷ்களும் செய்யும் வேலை அதுதான், கம்யூட்டேட்டர் என்று பெயர். பொம்மைக் காரில் வரும் சின்ன மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் பொதுவாக மூன்று சுருள்கள் இருக்கும். ஒரு சுருள் படுத்த நிலையில் செயலற்று இருக்கும்போது மற்றவை தள்ளிக்கொண்டிருக்கும், அதனால் அதற்கு நம் விரல் தட்டு தேவையில்லை. அந்தச் சுருள்கள் இரும்பின்மேல் சுற்றப்பட்டு, காந்தத்துக்கு வெகு அருகில் ஓடுகின்றன. நம்முடையது காற்றில் தொங்குகிறது. செல் தரும் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட நம் சுருளில் சுழற்சியாக மாறாது, மீதியெல்லாம் சூடு.

அந்தச் சூட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். வெறும் செம்பு ஊக்கில் பட்ட நிலையில் சுருள் நின்றுவிட்டால், பேட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் நேரடியாக இணைத்தது போலத்தான். செல்லும் கம்பியும் சுடத் தொடங்கும், செல்லும் சீக்கிரம் தீர்ந்துபோகும். சுற்றல் நின்றதும் சுருளைக் கையால் எடுத்துவிடுங்கள். சாதாரண 1.5 வோல்ட் செல் ஒன்று போதும். லித்தியம் அயான் செல், வண்டி பேட்டரி எதையும் இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். நம் செல்லுக்கு இருக்கும் அளவு உள்தடை அவற்றுக்கு இல்லை, பல மடங்கு மின்சாரம் பாய்ந்து கம்பி பழுத்துவிடும், லித்தியம் செல் தீப்பிடிக்கவும் கூடும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் நியோடிமியம் காந்தங்களை எண்ணி எடுத்துப் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கிவிட்டால், அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்துக் கவ்விக்கொண்டு துளை போட்டுவிடும். அப்படி நடந்ததாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

புதுச் சுருளைச் சுற்றியதும், சுரண்டுவதற்கு முன்னால் ஒரு வேலை: சுருளை ஊக்குகளில் உட்காரவைத்து நிமிர்த்தி நிறுத்தி, முனையின் மேல்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். எடுத்துச் சுரண்டும்போது அந்தப் புள்ளி இருக்கும் பக்கத்தைச் சுரண்டினால் கோணம் தவறவே தவறாது. அதற்குப் பிறகும் சுற்றவில்லை என்றால், சுருள் எந்த நிலையில் வந்து நிற்கிறது, கம்பி சூடாகிறதா, காந்தத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். எங்கே பிசகு என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம்.